புதுக் கிரீம் பூசி முகம் தடித்துவிட்டால்: நிறுவனத்துக்குப் புகார்க் கடிதம் எழுதும் முறை

தஞ்சாவூரில் இருக்கும் என் தங்கை 2025 மார்ச்சில் ஒரு புது நைட் கிரீம் வாங்கினாள். பத்து நாளில் இரண்டு கன்னத்திலும் தடிப்பு, தாங்க முடியாத அரிப்பு. அடுத்த நாள் காலையில் இமை வீங்கி இடது கண்ணைத் திறக்கவே முடியவில்லை. அன்றைக்கே அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். "உங்கள் கிரீமால் என் முகமே போய்விட்டது. காசு வாங்கிக்கொண்டு விஷத்தை விற்கிறீர்கள். உடனே நடவடிக்கை எடுக்காவிட்டால் கோர்ட்டுக்குப் போவேன்." கடிதம் இவ்வளவுதான். மூன்றாம் நாள் பதில் வந்தது: வருந்துகிறோம், ஒவ்வொருவர் தோலும் ஒவ்வொரு மாதிரி, பூசுவதை நிறுத்திவிடுங்கள்.

அவள் பட்ட வேதனை உண்மை. ஆனால் எந்தக் கிரீம், எந்த பேட்ச், என்றைக்குப் பூச ஆரம்பித்தாள், என்றைக்குத் தடித்தது, டாக்டர் என்ன சொன்னார் என்று அந்தக் கடிதத்தில் ஒன்றுமே இல்லை. அதைப் படித்தவர் வருத்தம் தெரிவிப்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய வழியில்லை. இரண்டு வாரம் கழித்து நாங்கள் இருவரும் உட்கார்ந்து கடிதத்தைப் புதிதாக எழுதினோம். அதற்கு வந்த பதில் வேறு மாதிரி இருந்தது. அந்த இரண்டாவது கடிதத்தை எப்படித் தயார் செய்தோம் என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

கடிதத்துக்கு முன்னால் தோல்

கிரீமை உடனே நிறுத்துங்கள். முகத்தை வெறும் தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள், தேய்க்க வேண்டாம். தேங்காய் எண்ணெய், மஞ்சள், கற்றாழை என்று வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அந்த நேரத்தில் எதையும் போடாமல் இருப்பதே நல்லது. தோலுக்கும் அது நல்லது, பின்னால் எழுதப்போகும் கடிதத்துக்கும் நல்லது. தடிப்பின் மேல் நாலு பொருளைப் பூசிவிட்டால் எது எதைச் செய்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அரிப்பு களிம்பையும் நீங்களாகப் போடாதீர்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முகத் தோல் மெல்லியது என்பதால், டாக்டர் சொல்லாமல் போட்டால் அதுவே இன்னொரு கோளாறைக் கொண்டுவரும். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சுத் திணறினால், தலை சுற்றினால், கடிதம் அப்புறம், 108-ஐ அழையுங்கள். கொப்புளம் வந்தாலும், கண் திறக்க முடியாமல் வீங்கினாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். "இந்தக் கிரீம்தானா என்று பார்த்துவிடுவோம்" என்று மறுபடி ஒருமுறை முகத்தில் பூசிப் பார்க்கிறவர்கள் உண்டு. ஒவ்வாமை என்றால் இரண்டாவது முறை இன்னும் சீக்கிரமாகவும் கடுமையாகவும் வரலாம். வேண்டவே வேண்டாம்.

டியூபும் அட்டைப்பெட்டியும்

கோபத்தில் டியூபைக் குப்பையில் போட்டுவிடுவது பலரும் செய்யும் தவறு. என் தங்கையும் போட்டிருந்தாள். குப்பை வண்டி வருவதற்குள் எடுத்துவிட்டோம். மிச்சமிருக்கும் கிரீமோடு டியூபை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, தேதி எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். அட்டைப்பெட்டி இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். பெட்டியில் அச்சடித்திருக்கும் பல விவரங்கள் டியூபில் இருக்காது.

பெட்டியில் தேட வேண்டியவை பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தயாரிப்பு உரிம எண், சேர்மானங்களின் பட்டியல். பேட்ச் எண்தான் முக்கியம். ஒரே பெயரில் லட்சக்கணக்கில் டியூப்கள் விற்கும்போது, உங்கள் கையில் இருப்பது எந்தத் தொகுதியில் வந்தது என்று அந்த எண் ஒன்றுதான் சொல்லும். அதை வைத்துத்தான் அந்தத் தொகுதியின் பரிசோதனைப் பதிவையும், அதே தொகுதி பற்றி வேறு யாரும் புகார் செய்திருக்கிறார்களா என்பதையும் நிறுவனம் பார்க்க முடியும். டியூபின் அடிமடிப்பில் மை இல்லாமல் அழுத்திப் பதித்திருந்தால் கண்ணுக்கே தெரியாது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்.

"விற்பனை செய்பவர்" என்று ஒரு பெயரும் "தயாரிப்பவர்" என்று வேறொரு பெயரும் இருப்பதைக் கவனியுங்கள். நமக்குத் தெரிந்த பிராண்டு பல சமயம் விற்பனை மட்டுமே செய்யும். கிரீமைக் காய்ச்சுவது இமாச்சலப் பிரதேசத்தில் பத்தி என்ற ஊர் மாதிரி இடங்களில் இருக்கும் இன்னொரு ஆலையாக இருக்கும். கடிதத்தை விற்பனை நிறுவனத்துக்கு எழுதுங்கள், நகலைத் தயாரிப்பவருக்கு அனுப்புங்கள். நுகர்வோர் புகாருக்கான முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் மூன்றும் பெட்டியில் இருக்க வேண்டும் என்று பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஆகவே முகவரியை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

பேட்ச் எண்ணோ உரிம எண்ணோ இல்லாத டப்பா என்றால் கதை வேறு. அப்படிப்பட்ட பொருளுக்கு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிப் பயனில்லை. உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் நேரே போங்கள். அழகுசாதனப் பொருள்களும் அவர்கள் அதிகாரத்தில்தான் வருகின்றன.

பில்லையும் தேடி எடுங்கள். வெப்பத்தில் அச்சாகும் பில் சில மாதங்களில் வெளுத்துவிடும், அதனால் இன்றே படம் எடுத்து வையுங்கள். இணையத்தில் வாங்கியிருந்தால் ஆர்டர் எண் போதும்.

நம் தோலில் சிவப்பு தெரியாது

படம் எடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெள்ளைத் தோலில் தடிப்பு பளிச்சென்று சிவந்து தெரியும். மாநிறத்திலும் கறுத்த தோலிலும் அது கரும்பழுப்பாகவோ ஊதா கலந்தோ தெரியும். போனில் எடுத்தால் சில சமயம் ஒன்றுமே தெரியாது. தங்கை முதலில் அனுப்பிய செல்ஃபியில் வீங்கிய இமை மட்டும்தான் தெரிந்தது, கன்னம் சாதாரணமாக இருப்பது போல இருந்தது.

காலையில் ஜன்னலோரம் நின்று, ஃபிளாஷ் இல்லாமல், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள். பக்க வெளிச்சத்தில் மேடு பள்ளம் தெரியும். முழு முகம் ஒன்று, தடித்த இடம் கிட்டத்தில் ஒன்று, தடிப்பு முடிந்து நல்ல தோல் தொடங்கும் ஓரம் ஒன்று என மூன்று படம் போதும். அழகாக்கும் ஃபில்டர் எதுவும் இயங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில போன்களில் அது தானாகவே வேலை செய்யும். பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை அதே இடத்தில் அதே நேரத்தில் எடுத்து வாருங்கள். நிறுத்தியபின் குறைந்துகொண்டே வந்தது என்று காட்ட அந்த வரிசை உதவும்.

கடிதத்திலும் "சிவந்தது" என்று மட்டும் எழுதாமல், தொட்டால் சொரசொரப்பு, சின்னச் சின்னக் கொப்புளம், நீர்க்கசிவு, தோல் உரிதல் என்று உண்மையில் இருந்ததை எழுதுங்கள்.

டாக்டர் சீட்டு

தோல் டாக்டரிடம் போகும்போது டியூபையும் பெட்டியையும் கையில் கொண்டுபோங்கள். பல டாக்டர்கள் சீட்டில் மருந்தை மட்டும் எழுதித் தருவார்கள். "என்ன நோய் என்பதையும், இந்தக் கிரீம் பூசியபின் வந்ததாக நான் சொன்னதையும் ஒரு வரி எழுதித் தாருங்கள் டாக்டர்" என்று கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தருவார்கள். கிரீம்தான் காரணம் என்று சத்தியம் செய்யச் சொல்லிக் கேட்காதீர்கள். பார்த்ததும் அதை உறுதியாகச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது.

உறுதி செய்ய பேட்ச் டெஸ்ட் என்ற ஒரு தோல் சோதனை உண்டு; டியூபில் இருக்கும் பேட்ச் எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சந்தேகப்படும் பொருள்களைச் சிறு சிறு துளியாக முதுகில் வைத்து ஒட்டி, 48 மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு எடுத்துப் பார்ப்பார்கள். அடுத்த ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். தடிப்பு முழுக்க அடங்கிய பிறகே செய்ய முடியும் என்பதால், அதற்காகக் காத்திருந்து கடிதத்தைத் தள்ளிப்போட வேண்டாம். முடிவு வந்ததும் தனியாக அனுப்பிக்கொள்ளலாம்.

தேதி வரிசைதான் கடிதத்தின் உயிர்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். புகாரைப் பரிசீலிக்கிறவர் முதலில் கேட்பது: பூச ஆரம்பித்ததற்கும் தடித்ததற்கும் எவ்வளவு இடைவெளி? நிறுத்தியதும் குறைந்ததா? அந்த நாள்களில் வேறு ஏதாவது புதிதாகப் பயன்படுத்தினார்களா? இந்த மூன்றுக்கும் கடிதத்தில் பதில் இருந்தால் அவர் அதை ஒதுக்கிவைப்பது கடினம்.

இடைவெளி ஏன் முக்கியம் என்றால், கிரீம் தோலைக் கெடுப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று எரிச்சல். கிளைக்காலிக் அமிலம், ரெட்டினால் மாதிரி வீரியமான பொருள் தோலை நேரடியாகப் புண்ணாக்குவது. பெரும்பாலும் பூசிய சில நிமிடங்களிலோ மணிகளிலோ எரியும், பூசிய இடத்தோடு நிற்கும். இன்னொன்று ஒவ்வாமை. வாசனைப் பொருளோ, கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருளோ உடம்புக்குப் பகையாகிவிடுவது. உடம்பு அதை முதன்முதலாகப் பகையாகப் பழகிக்கொள்ளவே ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். ஏற்கெனவே பழகிய உடம்பு என்றால் இரண்டு மூன்று நாளில் தடிக்கும். அரிப்புதான் அதிகம், பூசாத இடத்துக்கும் பரவும்.

இது தெரியாமல் என் தங்கை, முதல் எட்டு நாள் ஒன்றும் ஆகவில்லை என்பதை எழுதத் தயங்கினாள். "அப்படி எழுதினால் கிரீம் மேல் தப்பில்லை என்று சொல்லிவிடுவார்களே அக்கா" என்றாள். நிலைமை நேர்மாறு. எட்டு நாள் சும்மா இருந்து ஒன்பதாம் நாள் அரிப்பெடுப்பது ஒவ்வாமையின் சரியான போக்கு. முதல் நாளே வந்தது என்று மாற்றி எழுதியிருந்தால்தான் டாக்டர் சீட்டோடு கடிதம் ஒட்டாமல் போயிருக்கும்.

மற்றப் பொருள்களையும் அதே மாதிரி மறைக்காமல் எழுத வேண்டும். முக்கியமாகத் தலைச்சாயம். தலைக்குப் போட்ட சாயத்துக்கு ஒவ்வாமை என்றால் இமை, நெற்றி, காதோரம் எல்லாம் தடிக்கும். நகப்பூச்சுக்கு ஒவ்வாமை என்றாலும், விரல் படும் இமையில்தான் அது தெரியும். விவரம் தெரிந்தவர் இமை வீக்கம் என்று படித்ததும் இதைத்தான் கேட்பார். தங்கை மூன்று மாதமாகச் சாயம் போடவில்லை, நகப்பூச்சும் இல்லை. ஆனால் நடுவில் ஒருநாள் கடலைமாவும் மஞ்சளும் குழைத்துப் போட்டிருந்தாள். வருடக்கணக்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் போடுவதுதான். அதையும் எழுதச் சொன்னேன்.

ஒரு தாளில் தேதியை இடப்பக்கமும் நடந்ததை வலப்பக்கமும் எழுதிக்கொள்ளுங்கள். நினைவு தடுமாறினால் வாட்ஸ்அப்பில் யாருக்காவது சொல்லியிருப்பீர்கள், படம் அனுப்பியிருப்பீர்கள். அந்தத் தேதிகள் அங்கே அப்படியே இருக்கும். தேதி நிச்சயமில்லை என்றால் "சுமார்" என்று எழுதுங்கள்.

நாங்கள் எழுதிய கடிதம்

பெயர்களையும் எண்களையும் மாற்றியிருக்கிறேன். மற்றபடி அனுப்பியது இதுதான்.

அனுப்புநர்: (பெயர், முழு முகவரி, கைப்பேசி எண், மின்னஞ்சல்)

பெறுநர்: நுகர்வோர் குறைதீர்ப்பு அலுவலர், (பெட்டியில் உள்ள விற்பனை நிறுவனத்தின் பெயர், முகவரி)

நகல்: (தயாரிப்பாளரின் பெயர், முகவரி)

நாள்: 29.03.2025

பொருள்: (கிரீமின் முழுப் பெயர்), 50 கிராம், பேட்ச் எண் 0472 – பூசியபின் முகத்தில் தடிப்பும் இமை வீக்கமும் – விசாரணையும் இழப்பீடும் கோருதல்

ஐயா/அம்மையீர்,

மேற்கண்ட கிரீமை 03.03.2025 அன்று தஞ்சாவூரில் (கடையின் பெயர்) கடையில் ரூ.499 கொடுத்து வாங்கினேன். தயாரித்த மாதம் நவம்பர் 2024, காலாவதி அக்டோபர் 2026. வாங்கும்போது பெட்டியின் சீல் பிரிக்கப்படாமல் இருந்தது.

05.03.2025 முதல், பெட்டியில் சொன்னபடி, இரவு ஒருமுறை முகத்தில் மட்டும் பூசினேன். முதல் எட்டு இரவுகளில் எந்தத் தொந்தரவும் இல்லை. 13.03.2025 இரவு பூசிய ஒரு மணி நேரத்தில் இரு கன்னத்திலும் அரிப்பு தொடங்கியது. மறுநாள் காலை கன்னங்களில் சிறு சிறு தடிப்புகள் தெரிந்தன. கிரீம்தான் காரணம் என்று அப்போது தோன்றாததால் 14.03.2025 இரவும் பூசினேன். 15.03.2025 காலை இரண்டு இமைகளும் வீங்கின, இடது கண்ணைத் திறக்க முடியவில்லை. கழுத்திலும் தடிப்பு பரவியிருந்தது. அன்றிலிருந்து கிரீமைப் பயன்படுத்தவில்லை.

17.03.2025 அன்று தோல் மருத்துவரைப் பார்த்தேன். தொடுதலால் வரும் ஒவ்வாமைத் தோல் அழற்சி என்று எழுதிக் கொடுத்தார். கிரீமை நிறுத்தி மருந்து எடுத்தபின் மூன்று நாளில் வீக்கம் வடிந்தது. 27.03.2025 மறுபரிசோதனையின்போது அரிப்பு இல்லை, கன்னங்களில் கருமை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இந்த நாள்களில் புதிதாக வேறு எந்த அழகுசாதனப் பொருளும் பயன்படுத்தவில்லை. 09.03.2025 அன்று கடலைமாவும் மஞ்சளும் பூசினேன். பல ஆண்டுகளாகப் பூசிவருவது. மூன்று மாதமாகத் தலைச்சாயமோ நகப்பூச்சோ பயன்படுத்தவில்லை. இதற்கு முன் எனக்குத் தோல் ஒவ்வாமை வந்ததில்லை.

பெட்டியின் முன்பக்கத்தில் "எல்லா வகைத் தோலுக்கும் ஏற்றது" என்று இருக்கிறது. ஒவ்வாமை பற்றியோ, முதலில் சிறு இடத்தில் பூசிப் பார்ப்பது பற்றியோ பெட்டியிலும் டியூபிலும் எந்த எச்சரிக்கையும் இல்லை.

ஆகவே கேட்டுக்கொள்வது:

1. பேட்ச் எண் 0472-ஐப் பரிசோதித்து முடிவை எழுத்தில் தெரிவிக்கவும். இதே பேட்ச் பற்றி வேறு புகார்கள் வந்திருக்கின்றனவா என்பதையும் சொல்லவும்.

2. பட்டியலில் "வாசனைப் பொருள்" என்று ஒரே சொல்லில் உள்ளது. அதில் அடங்கிய பொருள்களை என் மருத்துவருக்குத் தெரிவிக்கவும்.

3. கிரீம் விலை ரூ.499, மருத்துவர் கட்டணம் ரூ.800, மருந்து ரூ.640, ஆக மொத்தம் ரூ.1,939 தரவும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் எழுத்தில் பதில் தேவை. மிச்சமுள்ள கிரீமும் பெட்டியும் என்னிடம் பத்திரமாக உள்ளன.

இணைப்பு: பில், பெட்டி மற்றும் டியூபின் படங்கள், 14, 15, 19, 27 தேதிகளில் எடுத்த முகப் படங்கள், மருத்துவர் சீட்டு இரண்டு, மருந்து பில் (எல்லாம் நகல்).

இப்படிக்கு,
(கையொப்பம், பெயர்)

சில விளக்கங்கள்

கடிதத்தில் "உங்கள் கிரீம்தான் கெடுத்தது" என்ற வரி எங்கும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பூசியது, தடித்தது, நிறுத்தியது, குறைந்தது என்று நடந்தது மட்டும் வரிசையாக இருக்கிறது. முடிவு படிப்பவருக்குத் தானாகவே தெரியும். விஷம், மோசடி, கலப்படம் போன்ற சொற்களை நிரூபிக்கும் பொறுப்பு எழுதியவர் தலையில் விழும். அந்தச் சொற்களை எழுதாததால் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

14-ஆம் தேதி இரவு மறுபடி பூசியதையும் மறைக்கவில்லை. அரிப்பு வந்தபிறகும் பூசியது நம் தவறு என்று அவர்கள் சொல்லலாம். சொல்லட்டும். ஒரு விஷயம் மறைத்தது தெரிந்தால் மற்ற உண்மைகளையும் நம்ப மாட்டார்கள்.

பெட்டியின் முன்பக்க வாசகத்தை எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. ஆயிரம் பேருக்கு ஒத்துக்கொள்ளும் கிரீம் ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் அது மட்டுமே பொருளின் குறைபாடு ஆகிவிடாது. நிறுவனம் இதைச் சொன்னால் அதில் நியாயமும் உண்டு. ஆனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தயாரிப்பில் வரும் குறையை மட்டும் பார்ப்பதில்லை. கொடுத்த உறுதிமொழிப்படி பொருள் இல்லாததையும், போதிய எச்சரிக்கை தராததையும் தயாரிப்பாளரின் பொறுப்பாகவே வைக்கிறது. எனவே பெட்டியில் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறார்கள், என்ன எச்சரிக்கை தந்திருக்கிறார்கள் என்று நாலு பக்கமும் படியுங்கள். எச்சரிக்கை பொடி எழுத்தில் இருந்தால், "இல்லை" என்று எழுதிவிடாதீர்கள்.

பணம் கேட்பதில் கணக்கு தெளிவாக இருக்கட்டும். பில் இருப்பதை மட்டும் கூட்டிக் கேளுங்கள். மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் என்று முதல் கடிதத்திலேயே கேட்டால், கடிதம் வாடிக்கையாளர் பிரிவிலிருந்து நேராக வக்கீல் மேசைக்குப் போய்விடும். விசாரணையும் பதிலும்தான் முதல் தேவை. பெரிய இழப்பீடு கேட்க வேண்டிய அளவுக்குப் பாதிப்பு இருந்தால் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

தமிழில் எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக எழுதலாம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மும்பையிலோ குருகிராமிலோ இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றைப் பின்னால் இணையுங்கள். வேலை வேகமாக நடக்கும். சேர்மானங்களின் பெயர்களைப் பார்த்து எழுதினால் பிழை வரும், படமாகவே இணைத்துவிடுங்கள்.

அனுப்பியபிறகு

மின்னஞ்சலிலும் தபாலிலும் இரண்டு வழியாகவும் அனுப்புங்கள். தபாலுக்கு ஸ்பீடு போஸ்ட் போதும். பழைய பதிவுத் தபாலை 2025 செப்டம்பரில் அதோடு சேர்த்துவிட்டார்கள். ரசீதையும், சேர்ந்துவிட்டது என்று காட்டும் பக்கத்தின் படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். இணையக் கடையில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். புகார் கிடைத்த 48 மணி நேரத்தில் ஒப்புகையும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதி.

தொலைபேசியில் பேசினால், பேசி முடித்ததும் "இன்று இத்தனை மணிக்கு இன்னார் என்னிடம் இப்படிச் சொன்னார்" என்று அதே மின்னஞ்சல் தொடரில் இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். புகார் எண் கொடுத்தால் எல்லாக் கடிதத்திலும் அதைக் குறிப்பிடுங்கள்.

நிறுவனம் அடுத்துக் கேட்பது அநேகமாக மிச்சக் கிரீமைத்தான். எங்களிடமும் ஒருவர் வீட்டுக்கே வந்து டியூபைக் கேட்டார். பரிசோதிக்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் முழுவதையும் கொடுத்துவிட்டால் உங்கள் கையில் எதுவும் இருக்காது. வழக்கு என்று போனால், மாவட்ட நுகர்வோர் ஆணையமே மாதிரியை வாங்கி, சீல் வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்பும் வழி சட்டத்தில் இருக்கிறது. அதற்கு அனுப்பக் கிரீம் வேண்டுமே. ஆகவே, ஒரு சின்னச் சுத்தமான டப்பாவில் பாதியை அவர்கள் முன்னாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டு, பேட்ச் எண் இருக்கும் டியூபை மிச்சத்தோடு நாங்களே வைத்துக்கொண்டோம். "இன்ன தேதியில், இந்த பேட்ச் கிரீம், சுமார் இத்தனை கிராம் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கினோம். வந்தவர் முதலில் தயங்கினார், அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போட்டார்.

பிறகு நிறுவனத்தார் ஒரு பை நிறைய தங்கள் மற்றப் பொருள்களைக் கொடுக்க முன்வந்தார்கள். வாங்கவில்லை. எந்த வாசனைப் பொருள் ஆகவில்லை என்று தெரியாதபோது, அதே பொருள் அந்தப் பையிலும் இருக்கலாம். பணம் தரும்போது ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அதில் இருக்கும். தோல் முழுக்கச் சரியாகாத நிலையில் அதில் கையெழுத்துப் போட அவசரப்படாதீர்கள். இன்னும் சிகிச்சை நடக்கிறது என்று எழுதி, அதுவரை ஆன செலவுக்கு மட்டும் ரசீது கொடுக்கலாம்.

பதிலே வரவில்லை என்றால்

கெடு முடிந்ததும் ஒரு நினைவூட்டல், பழைய கடிதத்தின் நகலோடு. அதற்கும் பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். தமிழிலும் பேசலாம். புகாரைப் பதிவு செய்து நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, ஆனால் பல புகார்கள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் எழுதிய கடிதம், இணைப்பு, ஸ்பீடு போஸ்ட் ரசீது இவைதான் அந்த மனுவோடு போகும் முதல் தாள்கள்.

எங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. 12-ஆம் நாள் ஒரு மருத்துவ விவரப் படிவம் வந்தது. அதில் கேட்ட பெரும்பாலான கேள்விகளுக்குக் கடிதத்திலேயே பதில் இருந்ததால் பார்த்து எழுதி அனுப்பினோம். மே மாதம் ரூ.1,939 வங்கிக் கணக்கில் வந்தது. அந்த பேட்ச் தர அளவுக்குள் இருந்ததாகவும், அதைப் பற்றி வேறு புகார் இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். வாசனைப் பொருள்களின் பட்டியலை டாக்டருக்குத் தனியாக அனுப்பினார்கள். ஜூனில் பேட்ச் டெஸ்ட் செய்தபோது வாசனைக் கலவை வைத்த இடம்தான் தடித்தது. கன்னத்தில் இருந்த கருமை மறைய ஆகஸ்ட் ஆனது. டாக்டர் எழுதிக் கொடுத்த பொருள்களின் பெயர்ப் பட்டியலைத் தங்கை போனில் படமாக வைத்திருக்கிறாள். சோப்பு வாங்கப் போனாலும் முதலில் அதை எடுத்துவைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடுகிறாள்.